நடு நன்றாக இருக்கிறது, முனை போய்விட்டது: ஓர் ஓட்டுக்கூரைக்கு மரமும் மூட்டும் தேர்ந்தெடுத்த கதை

வேதாரண்யத்துக்கு மேற்கே, நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஒரு பழைய வீடு. அதன் கூடம் 40 அடி நீளம், 18 அடி அகலம். மேலே மங்களூர் ஓடு. ஓட்டைத் தாங்குவது எட்டடிக்கு ஒன்றாக நிற்கும் நான்கு தேக்கு ட்ரஸ்கள். கீழே ஒரு விட்டம், இரு பக்கமும் சாய்சட்டம், நடுவில் ஒரு குத்துக்கால் என்று அமைந்த கிங் போஸ்ட் வகை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது ஓட்டில் பாதிக்கு மேல் போனது. அப்போது புது ஓடு வாங்கிப் போட்டார்கள். மரத்தை யாரும் பார்க்கவில்லை. இப்போது முகட்டு வளை ஓரிடத்தில் இரண்டு அங்குலம் தொய்ந்திருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். கூரையைப் பிரித்துப் புதிதாகப் போடுவதா, எந்த மரத்தில் போடுவது என்பது அந்த வீட்டு அம்மாவின் கேள்வி. அவருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பை விரித்துத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பக்கத்தில் இதே நிலையில் இன்னும் எத்தனையோ கூடங்கள் நிற்கின்றன.

ஏணி போட்டு ஏறியதும் விட்டத்தின் நடுவில் சுத்தியலால் தட்டினேன். 'டங்' என்று கணீரென்ற சத்தம். அப்படியே தட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனால், சுவருக்கு ஒரு சாண் முன்னால் சத்தம் 'தப்' என்று மாறியது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். நாலு அங்குலம் தடையில்லாமல் இறங்கியது. கூட இருந்த ஆசாரிக்கு எழுபதை ஒட்டிய வயது. "சார், இது வைரம் பாஞ்ச மரம். நடுவுல இன்னும் நூறு வருஷம் நிக்கும். முனைதான் போச்சு" என்றார்.

முனை போன காரணமும் அங்கேயே தெரிந்தது. விட்டம் சுவருக்குள் நுழையும் குழியை, எப்போதோ செய்த பழுதுவேலையில், சிமெண்ட் கலவை வைத்து இறுக்கமாக அடைத்திருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்தின் வெட்டுமுகத்தில் தங்கிவிட்டது. மரம் ஈரத்தை மிக வேகமாக உறிஞ்சுவது அந்த வெட்டுமுகத்தின் வழியாகத்தான். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும், தேக்கானாலும் சரி. கூடத்தின் நடுவில் ஊசி வைத்து அளந்தபோது ஈரப்பத மீட்டர் 14 காட்டியது, முனையில் 27. எட்டு முனைகளில் நான்கு முழுக்கப் போய்விட்டன, இரண்டில் தொடக்கம், இரண்டு நலம். போன நான்கும் இரண்டு ட்ரஸ்களின் இரு பக்க முனைகள். தொடக்க நிலையில் இருந்தவை மற்ற இரண்டு ட்ரஸ்களில் ட்ரஸ்ஸுக்கு ஒன்று. சுவரின் மேல் படுத்திருந்த சட்டத்தில் கறையான் மண்பாதை ஓடியிருந்தது. அதை முழுவதும் மாற்றியே ஆக வேண்டும், அதில் விவாதம் இல்லை.

முனையில் ஒன்பது அங்குலம் உளுத்தால் என்ன என்று கேட்கலாம். ட்ரஸ்ஸின் உயிர் அந்த ஒன்பது அங்குலத்தில்தான் இருக்கிறது. ஓடு, ரீப்பர், மரம், மேலே ஏறி வேலை செய்பவரின் எடை எல்லாம் சேர்த்து ஒரு ட்ரஸ் சுமப்பது சுமார் 1.9 டன். 30 பாகை சாய்வில் அந்த எடை சாய்சட்டம் வழியாக இறங்கும்போது, விட்டத்தின் முனையை வெளிப்பக்கமாகச் சுமார் ஒரு டன் விசையோடு தள்ளுகிறது. அதைத் தடுப்பது, சாய்சட்டம் உட்கார வெட்டிய கொத்துக்கு அப்பால் மிஞ்சியிருக்கும் கட்டை ஒன்றுதான். விட்டத்தின் அகலம் 4 அங்குலம். தேக்கு நார்வாக்கில் சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் தாங்கும் என்று நிதானமாக எடுத்தாலும், கொத்துக்கு அப்பால் நல்ல மரம் 4 அங்குலம் வேண்டும். விசை சீராகப் பரவாது என்பதால் நான் 8 அங்குலம் கேட்பேன். இங்கே உளுத்தது சரியாக அந்த இடம். கட்டை நார்வாக்கில் வழுக்கி, சாய்சட்டம் அரை அங்குலம் வெளியே நகர்ந்திருந்தது. முகடு தொய்ந்ததற்குக் காரணம் முகட்டில் இல்லை, சுவரோரத்தில் இருந்தது.

இனி எதை வைப்பது. எஃகுக் குழாய் ட்ரஸ் என்ற யோசனையும் வந்தது. நல்ல வழிதான். ஆனால் உப்புக்காற்றில் குழாயின் உட்புறம் துருப்பிடிப்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. கையில் பாதிக்குமேல் நல்ல தேக்கை வைத்துக்கொண்டு அதற்குப் போக எனக்கு மனமில்லை. கஜாவில் சாய்ந்த தென்னையை அறுத்து வைத்திருந்த உறவினர் ஒருவரும் தருவதாகச் சொன்னார். தென்னையில் அடிமரத்தின் வெளிவட்டம் மட்டுமே கெட்டி, உள்ளே போகப் போக பஞ்சு. ரீப்பருக்கே மருந்தூட்டாமல் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆக மிஞ்சியவை மூன்று: தோட்டத் தேக்கு, மலேசியா சால், இடித்த வீட்டிலிருந்து வரும் பழைய தேக்கு.

மூன்றில் எது பலமானது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இந்தக் கூடத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு அவ்வளவு எடையில்லை. ட்ரஸ்ஸுக்கு ட்ரஸ் போகும் பர்லினை எடுத்துக்கொள்வோம். எட்டடி நீளம், 3 அங்குலத்துக்கு 5 அங்குலம். அதன்மேல் வரும் சுமையில் வளைவு அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 6 நியூட்டன்தான். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 883 கட்டட மரங்களை ஏ, பி, சி என்று மூன்று குழுவாகப் பிரிக்கிறது. தேக்கு வரும் பி குழுவுக்கு அனுமதிக்கும் அழுத்தமே 12க்கு மேல். நடுவில் தொய்வு 6 மி.மீ. வருகிறது, 10 வரை பொறுக்கலாம். அதாவது மூன்று மரமும் பலத்தில் தாராளமாகத் தேறும். தேர்வு நடப்பது வேறு இரண்டு இடங்களில்: சுவருக்குள் போகும் முனை எத்தனை காலம் உளுக்காமல் இருக்கும், போல்ட் போட்ட இடம் காய்ந்தபின் வெடிக்காமல் இருக்குமா.

தோட்டத் தேக்கில் முதல் கேள்விதான் சிக்கல். இருபது இருபத்தைந்து வருட மரத்தின் வைரம், பலத்தில் பழைய மரத்துக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. வைரம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. கல்லணைக் கால்வாய்க் கரையில் வளர்ந்ததானாலும் ஆப்பிரிக்காவிலிருந்து கண்டெய்னரில் வந்ததானாலும், பத்தங்குல உருட்டில் சுற்றிலும் ஒன்றேகால் அங்குலம் வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிமரம், இருந்தால், நடுவில் வைரம் ஏழரை அங்குல வட்டம். நமக்கு வேண்டிய விட்டம் 4க்கு 6. அதன் மூலைக்கு மூலை ஏழேகால் அங்குலம். ஆக ஒரு உருட்டிலிருந்து வெள்ளையில்லாத விட்டம் ஒன்றே ஒன்று, அதுவும் மரத்தின் நடுக்குருத்தை உள்ளே வைத்துக்கொண்டு வரும். குருத்தை நடுவில் கொண்ட சட்டம் காயும்போது ஒரு முகத்திலிருந்து குருத்துவரை நீளவாக்கில் வெடிக்கும். மரவாடியில் யாரும் இப்படி அறுத்துத் தருவதில்லை. மூலைகளில் வெள்ளையோடுதான் வரும், வார்னிஷ் அடித்தால் கண்ணுக்கும் தெரியாது. தேக்கின் வெள்ளைக்குத் தேக்கின் பெயர் மட்டும்தான் உண்டு. கறையானும் பூஞ்சையும் மற்ற வெள்ளைமரத்தைத் தின்பதுபோல் அதையும் தின்னும். சுவருக்குள் போகும் முனையில் அது இருக்கவே கூடாது.

மலேசியா சாலுக்குச் சிக்கல் இரண்டாவது கேள்வியில். முதலில், அது ஒரு மரத்தின் பெயரல்ல, கடைப்பெயர். அந்தப் பெயரில் பல கனத்த மரங்கள் கலந்து வருகின்றன. நல்ல கட்டை தேக்கைவிடக் கனம், தேக்கைவிடப் பலம், பத்தடிக்கு மேல் நீளமும் எளிதில் கிடைக்கும். நிலைச்சட்டத்துக்கு எல்லோரும் அதையே வாங்குவது நியாயம்தான். ஆனால் மெதுவாகக் காயும் மரம் அது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் மரம். முகத்தில் மீட்டர் வைத்தால் 16 காட்டும். அறுத்த புது முகத்தில் வைத்தால் 28 காட்டும். அளப்பதானால் ஓரடி வெட்டிவிட்டு உள்முகத்தில் அளக்க வேண்டும். அந்த ஈர மரத்தின் இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்து மேல்வரிசை கீழ்வரிசையாக போல்ட் போட்டால், மரம் காய்ந்து அகலவாக்கில் சுருங்கப் பார்க்கும். இரும்பு சுருங்காது. இரண்டு வரிசைக்கும் நடுவே, நாரை ஒட்டி ஒரு வெடிப்பு ஓடும். ஒரு பள்ளிக்கட்டடத்தில் நான் இதைப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்து ஒரு கோடைதான் ஆகியிருந்தது. எட்டு மூட்டில் ஐந்தில் தகட்டுக்கு வெளியே வெடிப்பு நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை, நட்டு கையாலேயே சுற்றியது. மரம் சுருங்கிப் பிடி விட்டிருந்தது.

பழைய தேக்கில் இந்த இரண்டு சிக்கலும் இல்லை. காரைக்குடிப் பக்கத்திலிருந்தும் இந்த ஊர்ப் பழைய வீடுகளிலிருந்தும் வரும் விட்டங்களில் பெரும்பாலானவை பர்மா மரம். அந்த நாட்டிலிருந்து உருட்டாக ஏற்றுமதி செய்வது 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டது. இனி அந்தத் தரம் பழைய வீடுகளிலிருந்துதான் வரும். முழுக்க வைரம், பல பத்தாண்டுகளாகக் காய்ந்தது, இனிச் சுருங்க எதுவுமில்லை. அதற்கென்று உள்ள குறை வேறு. ஒவ்வொரு விட்டத்திலும் பழைய கொத்து, துளை, ஆணி இருக்கும். இடித்தவர் இறக்கும்போது போட்டு உடைத்த மயிர்வெடிப்பும் இருக்கலாம். வாடியில் இழைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தால் அது தெரியாது. அதனால் இழைக்காத மரமாகத்தான் கேட்டேன்.

அந்த வாடியில் தரம் பார்த்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரசீதில் 'முதல் தரம்' என்று எழுதியிருப்பதற்கும் பொறியியல் தரத்துக்கும் சம்பந்தமில்லை. வாடியில் முதல் தரம் என்றால் நிறம் நன்றாக இருக்கிறது, கணு குறைவு என்று பொருள். கட்டடக் கணக்கில் செலக்ட், கிரேடு ஒன்று, கிரேடு இரண்டு என்று மூன்று. ஐ.எஸ். 883 தரும் அழுத்தங்கள் கிரேடு ஒன்றுக்கானவை. செலக்ட்டுக்கு அதை 1.16 ஆல் பெருக்கலாம், இரண்டாம் கிரேடுக்கு 0.84 ஆல் குறைக்க வேண்டும். இவற்றைப் பிரிப்பதில் எனக்கு முக்கியமானது நாரின் சாய்வு. கிரேடு ஒன்றில் 15க்கு 1க்கு மேல் சாயக்கூடாது. செலக்ட்டில் 20க்கு 1, இரண்டில் 12க்கு 1. இதைப் பார்க்க ஒரு தடித்த ஊசி போதும். சட்டத்தின் ஓரத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டுவிட்டு, ஊசியை அழுத்தி இழுத்தால் அது நாரைப் பிடித்துக்கொண்டு தன் போக்கில் போகும். 15 அங்குலம் இழுத்த பிறகு கோட்டுக்கும் ஊசித்தடத்துக்கும் ஓர் அங்குலத்துக்குமேல் இடைவெளி வந்தால் அந்தக் கட்டை விட்டத்துக்கு ஆகாது. வரியழகைப் பார்த்து நாரைக் கணிப்பது ஏமாற்றும். வரி ஒரு பக்கமும் நார் ஒரு பக்கமும் போவதுண்டு. அடுத்து முனைகள். இரு முனையிலும் ஓரடி உள்ளே ஆறு மி.மீ. துளை போட்டு, வரும் தூளை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். சுருள் சுருளாக, எண்ணெய்ப் பசையோடு, தேக்கு வாசனையோடு வந்தால் சரி. பழுப்பு மாவாகக் கொட்டினால் விட்டுவிடலாம். பார்த்த பதினொரு விட்டங்களில் மூன்று தேறின. ஒன்றில் நடுப்பகுதியின் அடிமுகத்தில் பழைய கொத்து ஒன்று இரண்டு அங்குல ஆழத்துக்கு இருந்தது. இழுவிசை வரும் முகத்தில் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதால் அதைக் குத்துக்காலுக்கும் தாங்குகட்டைக்கும் ஒதுக்கினோம்.

ஆக மரம் முடிவானது: முனை முழுக்கப் போன இரண்டு ட்ரஸ்களுக்கும் புது விட்டம், பழைய தேக்கில். அவற்றின் சாய்சட்டங்கள் நலமாக இருந்ததால் கால்பக்கம் மட்டும் புதிதாக வெட்டி அப்படியே வைத்தோம். தொடக்க நிலை முனைகள் இருந்த மற்ற இரண்டையும் மாற்றவில்லை. உளுத்த இடத்திலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி, நல்ல மரத்தில் விட்டத்தை அறுத்து, அதே பழைய தேக்கிலிருந்து புது முனை ஒட்டுப்போட்டோம். ஒட்டின் இரு பக்கமும் 6 மி.மீ. தகடு, இரண்டடி நீளம். இழுவிசை ஒரு டன். 12 மி.மீ. போல்ட் ஒன்றுக்கு அரை டன் என்று நிதானமாக வைத்தால் பக்கத்துக்கு இரண்டு போதும், நான்கு போட்டோம். ஒரு போல்ட் பிடி விட்டாலும் மூட்டு நிற்க வேண்டும். போல்ட்டுக்கும் மரத்தின் வெட்டுமுகத்துக்கும் இடையே போல்ட் தடிமனில் ஏழு மடங்கு, அதாவது மூன்றரை அங்குலம் குறையாமல் விட்டோம். அதைக் குறைத்தால் போல்ட் முறியாது, மரம் முனையில் பிளந்துகொண்டு வெளியே வரும். இரண்டு துண்டும் ஒரே மாதிரி காய்ந்த மரம் என்பதால் இங்கே இரு வரிசை போல்ட் போட முடிந்தது. சாலில் இதைச் செய்திருக்க மாட்டேன்.

தோட்டத் தேக்கை ஒதுக்கிவிடவில்லை. பர்லினும் கைமரமும் சுவருக்குள் போவதில்லை, காற்றோட்டத்தில் நிற்கின்றன. சுவர்மேல் சட்டத்தோடு சேரும் கடைசி ஓரடியில் வெள்ளை இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். சுவர்மேல் சட்டத்துக்கு மட்டும் வெள்ளையே கூடாது என்று எழுதிக் கொடுத்தோம்.

இப்போது மரத்தைவிட எனக்கு அதிகக் கவலை தந்த விஷயம். கூரை விழாமல் இருப்பதை மட்டுமே பழைய மூட்டுகள் நினைத்தன. அது மேலே எழும்பும் என்று நினைக்கவில்லை. இந்தக் கடற்கரைக்குக் கணக்கில் எடுக்க வேண்டிய காற்று விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். திறந்த வயலில் நிற்கும் வீட்டில் கதவோ சன்னலோ உடைந்து காற்று உள்ளே புகுந்தால், மேலே உறிஞ்சுவதும் உள்ளிருந்து தள்ளுவதும் சேர்ந்து ஒரு ட்ரஸ்ஸை 2.9 டன் விசையோடு தூக்கும். கூரையின் சொந்த எடையைக் கழித்தாலும் ஒன்றரை டன் மிச்சம். முனைக்கு முக்கால் டன். நான்கு ட்ரஸ்களும் சுவரின் மேல் வெறுமனே உட்கார்ந்திருந்தன. அப்படியானால் கஜாவில் ஏன் கூரை போகவில்லை? ஓடு போனதால்தான். கட்டாத ஓடு முதலில் எழும்பி, திறப்பு உண்டாக்கி, உள்ளழுத்தத்தை வெளியே விட்டுச் சட்டத்தைக் காப்பாற்றியது. இந்த முறை ஓடு பறக்காமல் கம்பி போட்டுக் கட்டித்தர வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தார். நியாயமான ஆசை. ஆனால் ஓட்டைக் கட்டினால் அது தாங்கும் விசை முழுவதும் ரீப்பருக்கும் கைமரத்துக்கும் ட்ரஸ்ஸுக்கும் சுவருக்கும் வரும். வழியில் எங்காவது ஒரு மூட்டு வெறும் ஆணியில் இருந்தால் அங்கே விட்டுப்போகும், அப்போது ஓடல்ல, கூரையே போகும்.

எனவே ட்ரஸ்ஸின் ஒவ்வொரு முனைக்கும் ஒரு 16 மி.மீ. கம்பி, சுவருக்குள் நாலடி ஆழம், அடியில் ஒரு தகடு. நாலடி என்பது கம்பியின் பலத்துக்காக இல்லை. முக்கால் டன்னுக்கு ஈடுகொடுக்க அந்தக் கம்பி பிடித்துத் தூக்க வேண்டிய சுவரின் எடையும் முக்கால் டன்னாவது இருக்க வேண்டும். பதினான்கு அங்குலச் சுவரில் நாலடி ஆழமும் மூன்றரை அடி அகலமும் சேர்ந்தால்தான் அந்த எடை வரும். இரண்டடி ஆழத்தில் நிறுத்தினால் கம்பி உருவாது, செங்கல்லோடு சேர்ந்து எழும்பும். சாய்சட்டமும் விட்டமும் சேரும் கொத்தில், மேலிருந்து அமுக்கும்வரைதான் பிடிப்பு. தூக்கும்போது அது திறந்துகொள்ளும். அதனால் அந்த மூட்டைச் சுற்றி 50க்கு 6 மி.மீ. பட்டை, இரண்டு போல்ட். குத்துக்காலின் அடியிலும் அதே மாதிரி. பர்லின் ஒவ்வொன்றும் சாய்சட்டத்தோடு ஆணியால் இல்லாமல் கோணத்தகடும் போல்ட்டும் வைத்து. எல்லாம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தவை. மஞ்சளாகப் பளபளக்கும் கடை போல்ட் இந்த உப்புக்காற்றில் சில வருடங்களில் துருப்பிடித்துவிடும்.

விட்டத்தின் முனை உட்காரும் குழியில் கல் பாவி, மேலே தார்த்தாள் போட்டு, மூன்று பக்கமும் ஓர் அங்குலம் இடைவெளி விடச் சொன்னோம். கூரை ஏற்றிய அன்று மாலை, மேஸ்திரி பழக்கத்தில் ஒரு குழியைக் கலவை போட்டு அடைத்துவிட்டார். ஈரம் காயுமுன் கொத்தி எடுக்கச் செய்தோம். எட்டுக் குழிக்கும் உட்பக்கம் ஆணியடிக்காத ஒரு மரப்பலகைதான் மூடி. வருடாவருடம் ஐப்பசி மழைக்கு முன்னும் தை பிறந்த பிறகும் அதைக் கழற்றி, ஊசி மீட்டரை முனையில் வைத்துப் பார்க்க வேண்டும். 18க்கு மேல் போனால் மேலே எந்த ஓடு ஒழுகுகிறது என்று தேட வேண்டும். மீட்டரை ஆசாரியிடமே கொடுத்து வந்திருக்கிறோம்.